கட்டுக்கு ஒரு முறை: காரைக்குடிக் கணக்கு மேசைக்கான இடைவேளை வழிகாட்டி

காரைக்குடியில் மாதம் 10ஆம் தேதி பிறந்தால் ஆடிட்டர் ஆபீஸ்களில் விளக்கு அணைய நேரமாகும். 11ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி என்று வரிப் படிவங்களைத் தாக்கல் செய்தாக வேண்டும். நான் இங்கே பிசியோதெரபி பார்க்கிறேன். கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வருகிறவர்களில் பலர் இந்தப் பத்து நாட்களில்தான் வருவார்கள். புதுவயல் அரிசி ஆலைக் கணக்குகளைப் பார்ப்பவர்கள், தேவகோட்டை ஜவுளிக்கடையின் டேலி ஆபரேட்டர்கள், வங்கி ஊழியர்கள் என்று வேலை மாறும். சொல்லும் வார்த்தை மட்டும் மாறாது: "தோளில் கல்லை வைத்த மாதிரி இருக்கு."

அவர்களுக்கு நான் நேரில் சொல்லிக்கொடுப்பதையே இங்கே எழுதுகிறேன். பில் போடுவது, கணக்கு ஒப்பிடுவது என்று விசைப்பலகையில் நாள் முழுக்க ஓடும் வேலைக்கு இது பொருந்தும்.

தோள் ஏன் கல்லாகிறது

கழுத்தின் அடியிலிருந்து தோள் நுனி வரை சரிவாக இறங்கும் தசைக்கு டிரபீசியஸ் என்று பெயர். தட்டச்சு செய்யும்போது கைகளைத் தாங்கிப் பிடிப்பது அதுதான். பளு மிகக் குறைவு, ஒரு மூட்டையைத் தூக்குவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் மூட்டை தூக்குகிறவர் அதைக் கீழே வைத்துவிடுகிறார், தட்டச்சு செய்கிறவர் கையைக் கீழே வைப்பதே இல்லை.

ஒரு தசைக்குள் பல நார்க் குழுக்கள் உண்டு. லேசான வேலைக்கு முதலில் எழுந்து வருவது சின்ன நார்கள். வேலை முழுதாக நிற்கும் வரை அவை ஓய்வதில்லை. வீட்டில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பின்னால் படுக்கும் பெண்ணைப் போல. ஸ்வீடன் ஆய்வாளர் யோரான் ஹேக் 1991இல் இவற்றுக்கு 'சின்ட்ரெல்லா நார்கள்' என்று பெயர் வைத்தார். இது ஒரு கருதுகோள்தான் என்றாலும், வேலை இவ்வளவு லேசாக இருந்தும் வலி ஏன் வருகிறது என்பதற்கு நல்ல விளக்கம் தருகிறது. தசையில் மின்முனை ஒட்டி அளந்து பார்த்த ஆய்வுகளிலும், நடுநடுவே சில நொடிகள் தசை முழுதாக அடங்குகிறவர்களை விட, அந்த அடக்கமே இல்லாதவர்களுக்குத்தான் வலி அதிகம் வந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். கை சும்மா இருந்தாலும் மனம் வேலையில் இருந்தால் இந்தத் தசை அடங்காது. ஒரு தங்கை என்னிடம் கேட்டது: "அண்ணே, போர்ட்டல் சுத்திக்கிட்டே இருக்கிறப்ப சும்மாதானே உக்காந்திருக்கேன், அது ரெஸ்ட் இல்லையா?" 20ஆம் தேதி மாலை அவர் ஆபீசுக்கே போய்ப் பார்த்தேன். திரையில் வட்டம் சுற்றுகிறது. வலது கை மவுஸின் மேல், பற்கள் கடித்தபடி, மூச்சு மேல்மார்பில். தோள் சரிவில் விரல் வைத்தால் தாம்புக்கயிறு போல இருந்தது. கை சும்மா இருந்த அந்த நான்கு நிமிடத்தில் தசைக்கு ஒரு நொடி கூட ஓய்வு கிடைக்கவில்லை.

ஆகவே இடைவேளையில் தசை அடங்க வேண்டும், கண் தூரம் போக வேண்டும், மனம் பில்லை விட்டு விலக வேண்டும். கீழே சொல்வதெல்லாம் இதற்காகத்தான்.

முதல் அளவு: சுமார் ஒரு நிமிடம், உட்கார்ந்த இடத்திலேயே

இது சுமார் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை. வலி வந்த பிறகு செய்வதல்ல, வருவதற்கு முன்னால் செய்வது.

முதலில் விட்ட இடத்தைக் குறியுங்கள். அடுத்து செய்யவேண்டியதைப் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதினால் போதும்: "பில் 46, சரக்குக் கட்டணம் சேர்க்கணும்." எழுதாவிட்டால் மனம் அதைச் சுமந்துகொண்டே இருக்கும், தோளும் அதோடு சேர்ந்து இறுகும்.

பிறகு இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்துத் தொடையின் மேல் உள்ளங்கை மேலே பார்க்கும்படி வையுங்கள். உள்ளங்கை திரும்பினால் தோள் தானாகக் கொஞ்சம் பின்னால் போகும். மூச்சை இழுத்துக்கொண்டே தோள்களைக் காதை நோக்கி நன்றாக உயர்த்தி ஐந்து எண்ணும் வரை பிடியுங்கள். அப்புறம் வாயால் நீளமாக மூச்சை விட்டபடி, கயிறு அறுந்த வாளி போலத் தோளைப் போட்டுவிடுங்கள். மெல்ல இறக்கினால் தசை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். மூன்று முறை செய்யுங்கள்.

சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க ஒரு வழி உண்டு. இடது கையின் மூன்று விரல்களை வலது தோள் சரிவின் நடுவில் வைத்து அழுத்துங்கள். வலது கை தொடையில் கிடக்கும்போது அந்த இடம் பிசைந்த மாவு போல் அமுங்க வேண்டும். கயிறு போல் உருண்டால் இன்னும் விடவில்லை. முதல் வாரத்தில் பலருக்கும் கயிறாகத்தான் இருக்கும். பல்லைப் பிரித்து நாக்கைத் தளர்த்திவிட்டு மறுபடி தொட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இளகியிருக்கும். தாடை இறுக்கமும் தோள் இறுக்கமும் சேர்ந்தே வருவதை நான் தினமும் பார்க்கிறேன்.

கடைசியாகக் கண். திரையைப் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடும், கண் எரிச்சலுக்கு அது ஒரு பெரிய காரணம். இருபது அடிக்கு அப்பால் உள்ள எதையாவது இருபது நொடி பாருங்கள், நடுவே பத்து முறை இமையை முழுதாக மூடித் திறங்கள். செட்டிநாட்டில் ஆபீசாக மாறிய பழைய வீட்டில் வேலை செய்கிறவர்கள் இதில் கொடுத்துவைத்தவர்கள். வளவுக்கு நடுவே வானம் திறந்திருக்கிறது. நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டால் தலையைத் தூக்கியதும் எதிர்ப்பக்கத்துத் தூணும் ஓட்டுச் சரிவும் தெரியும். நூறடி சாலைப் பக்கத்துக் கடை மாடியில், கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார்ந்திருப்பவர்கள் சன்னல் வரை எழுந்துபோக வேண்டும்.

இரண்டாம் அளவு: ஐந்து நிமிடம், எழுந்து நடப்பது

மணிக்கு ஒரு முறை. சர்க்கரை உள்ளவர்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய இரண்டு மணி நேரமாவது அரை மணிக்கு ஒரு முறை.

இந்த இடத்தில் வேலை கொடுக்கிறவர்கள் தயங்குவார்கள், அதனால் ஓர் ஆய்வைச் சொல்கிறேன். அமெரிக்க வரித்துறையில் தரவு உள்ளீடு செய்யும் ஊழியர்களிடமே நடந்தது, 2000இல் வெளியானது. காலை பதினைந்து நிமிடம், மதியம் பதினைந்து நிமிடம் என்ற வழக்கமான இடைவேளையோடு, இடைவேளையே இல்லாத மணிகளில் ஐந்து ஐந்து நிமிடமாக நாளுக்கு இருபது நிமிடம் கூடுதலாகக் கொடுத்தார்கள். உடல்வலியும் கண்சோர்வும் குறைந்தன. இருபது நிமிட வேலை நேரம் போயும் உள்ளீட்டின் அளவு குறையவில்லை. பின்னர் 2007இல் வந்த தொடர் ஆய்வில் பாதிப் பேருக்கு நீட்டல் பயிற்சியும் கற்றுக்கொடுத்தார்கள். அதனால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. பெரும்பாலான இடைவேளைகளில் அவர்கள் நீட்டலைச் செய்யவே இல்லை என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது: எழுந்து விலகுவதுதான் முக்கியம், நீட்டல் அதற்கு அடுத்தபடி. இருபது விதப் பயிற்சி அச்சடித்த தாளை நான் இப்போது யாருக்கும் கொடுப்பதில்லை.

சரி, நடையை எப்படி நடப்பது? வீட்டு ஆபீஸ் என்றால் முகப்பிலிருந்து வளவைக் கடந்து இரண்டாம் கட்டு, அதற்குப் பின் கிணற்றடி வரை போய்த் திரும்புங்கள். ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலும் கொண்ட வீடுகள் இங்கே நிறைய. இரண்டு முறை போய் வந்தால் ஐந்து நிமிடம் ஓடிவிடும். சாதாரண நடை போதும், வியர்க்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கையும் வீசி நடக்க வேண்டும். கை வீசும்போது தோள் தசை சுருங்கி விரிந்து அதற்கு ரத்தம் பாய்கிறது. கெண்டைக்கால் தசை காலில் தேங்கிய ரத்தத்தை மேலே தள்ளுகிறது. கையில் ஃபைல் வேண்டாம். மாடிக் கடையில் நடக்க இடமே இல்லை என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை இருபது முறை உயர்த்தி இறக்குங்கள், பிறகு படிக்கட்டு ஒரு முறை.

நடந்து திரும்பும் வழியில் இரண்டே இரண்டு நீட்டல். நிலைக்கதவருகே நின்று வலது முன்கையை நிலைச்சட்டத்தில் வையுங்கள், முழங்கை தோள் உயரத்தில் இருக்கட்டும். வலது காலை ஓரடி முன்னால் வைத்து மார்பு இழுபடும் வரை மெல்லச் சாயுங்கள், இருபது நொடி. பிறகு இடது பக்கம். செட்டிநாட்டு நிலை அகலமானது என்பதால் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் வைக்க முயலாதீர்கள், தோள் மூட்டில் பாரம் விழும். அடுத்து, கைகளை இடுப்பின் பின்புறம் வைத்து முட்டியை மடக்காமல் பின்னால் வளைந்து உடனே நேராகுங்கள், ஐந்து முறை. மணிக்கணக்கில் முன்னால் குனிந்த முதுகுக்கு இது எதிர்ப்பக்கத்து அசைவு. வளையும்போது வலி காலுக்குள் இறங்கினால் இதை விட்டுவிடுங்கள்.

கழுத்தை வட்டமாகச் சுழற்றிச் சொடக்கு எடுப்பதை நான் யாருக்கும் சொல்லித்தருவதில்லை. சத்தம் வந்ததும் இதமாக இருக்கும், பத்து நிமிடத்தில் பழையபடி இறுகும், அதனால் மறுபடி சுழற்றத் தோன்றும்.

உணவுக்குப் பிந்தைய நடைக்குத் தனிக் காரணம் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2023இல் வெளியான ஆய்வில், அரை மணிக்கு ஐந்து நிமிடம் மெதுவாக நடந்தவர்களுக்கு, நாள் முழுக்க உட்கார்ந்திருந்தபோது ஏறியதை விடச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறுவது பாதிக்கும் மேல் குறைந்தது. பங்கேற்றவர்கள் பதினொரு பேர்தான், ஆகவே அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் சாப்பிட்டதும் தசை இயங்கினால் ரத்தத்தில் உள்ள சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும் என்பது பல ஆய்வுகளில் கண்டது. வெள்ளைச் சோறும் குழம்புமாகச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக்குத் திரையின் முன் கண் சொருகுகிறவர்கள் இதை ஒரு வாரம் செய்து பாருங்கள்.

மூன்றாம் அளவு: பத்து, பதினைந்து நிமிடம்

மேலே சொன்ன இரண்டும் உடல் இறுக்கத்துக்கு நன்றாக வேலை செய்யும், மூளைக் களைப்புக்கு ஓரளவுக்குத்தான். சிற்றிடைவேளைகளைப் பற்றிய 22 ஆய்வு மாதிரிகளைத் தொகுத்து 2022இல் ஒரு கட்டுரை வந்தது. பத்து நிமிடத்துக்கு உட்பட்ட இடைவேளைகளில் உற்சாகம் கூடியது, சோர்வு குறைந்தது. ஆனால் மூளையைக் கசக்கும் வேலைகளில் வேலைத்திறன் மீள்வதற்கு அவ்வளவு நேரம் போதவில்லை. பில் போடுவதற்கு ஐந்து நிமிடம் போதும், வங்கி அறிக்கையோடு பேரேட்டை ஒப்பிட்டு 340 ரூபாய் வித்தியாசத்தைத் தேடும் வேலைக்குப் போதாது. அந்த மாதிரி வேலைக்கு முன்பும் பின்பும் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் விலகுங்கள்.

அந்த நேரத்தில் போன் வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். போன் திரையும் கிட்டத்துப் பார்வைதான், தலை இன்னும் அதிகமாகக் குனிகிறது, வாட்ஸப்பில் வாடிக்கையாளர் அனுப்பிய பில்லும் அங்கேதான் இருக்கிறது. தேநீர்க் கடை வரை நடந்து போய் நின்று குடித்துவிட்டு வாருங்கள். மதியம் சாப்பாட்டுக்குப் பின் முடிந்தவர்கள் திண்ணையில் பதினைந்து நிமிடம் கண் மூடுங்கள். இருபது நிமிடத்தைத் தாண்டினால் எழுந்ததும் மந்தமாக இருக்கும், ஆகவே பக்கத்தில் ஒருவரை எழுப்பச் சொல்லுங்கள்.

தண்ணீரும் இதில் சேரும். கழிப்பறை சரியில்லை என்பதால் தண்ணீரே குடிக்காமல் நாளை ஓட்டும் பெண்கள் பலரை நான் பார்க்கிறேன். அது அவர்களுடைய பிரச்சினை இல்லை, ஆபீஸ் நடத்துகிறவர் தீர்க்க வேண்டியது. சுத்தமான கழிப்பறை இருந்தால் தண்ணீர் குடிப்பார்கள், குடித்தால் தானாக எழுந்து நடப்பார்கள்.

ஒருவரின் மூன்று வாரம்

மேலே சொன்ன அந்தத் தங்கை ஒன்பதரைக்கு வந்து ஏழு மணிக்குப் போகிறவர். மாதத்தின் நடுவில் நாளுக்கு நூற்று ஐம்பது பில் வரை போடுவார். பூஜ்யம் முதல் பத்து வரை வலிக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது, காலை பதினொன்றுக்கு மூன்று, மாலை ஐந்துக்கு ஏழு.

முதல் வாரம் போனில் இருபது நிமிடத்துக்கு ஒரு அலாரம் வைத்தோம். மூன்றாவது நாளே அதை அமத்திவிட்டார். அவர் மேல் தப்பில்லை. பாதி பில்லில் இருக்கும்போது அலாரம் அடிக்கிறது, நிறுத்தினால் தொகை மறக்கிறது. கூட இருப்பவர்களும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

இரண்டாம் வாரம் கடிகாரத்தை விட்டுவிட்டோம். காலையில் வந்ததும் பில்களைப் பதினைந்து பதினைந்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டாக அடுக்கச் சொன்னேன். அவர் வேகத்தில் ஒரு கட்டுக்கு இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம். கட்டு முடிந்ததும் தோள், கண். மூன்று கட்டு முடிந்ததும் எழுந்துபோய் முடித்த கட்டுகளை அலமாரியில் வைப்பது. அலமாரியை வேண்டுமென்றே வீட்டின் இரண்டாம் கட்டுக்கு மாற்றினோம். அந்தக் காலக் கணக்கப்பிள்ளை பேரேடு எடுக்கவும் வைக்கவும் எழுந்து நடந்தார், கணினி வந்து அந்த நடையை விழுங்கிவிட்டது. அதில் கொஞ்சத்தை அலமாரி திருப்பித் தந்தது. வேலையாகவே எழுந்து போவதால் யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அந்த வாரமும் மாலை மதிப்பெண் ஆறுக்குக் கீழே இறங்கவில்லை. கேட்டுப் பார்த்ததில், அலமாரி வரை போய்விட்டு அங்கேயே நின்று போன் பார்த்திருக்கிறார். மூன்றாம் வாரம் போன் மேசை இழுப்பறைக்குள் போனது. போர்ட்டல் சுற்றும்போது மவுஸிலிருந்து கையை எடுத்துத் தொடையில் வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தோம். அந்த வாரக் கடைசியில் மாலை மதிப்பெண் மூன்றுக்கு வந்தது. நாளுக்குப் போடும் பில்லின் எண்ணிக்கை குறையவில்லை.

நீங்களும் இதே மாதிரி பதினொன்றுக்கும் ஐந்துக்கும் மதிப்பெண் எழுதி வையுங்கள். காலை மதிப்பெண் அப்படியே இருந்து மாலை மதிப்பெண் இறங்கினால் இடைவேளை வேலை செய்கிறது. இரண்டும் அசையவில்லை என்றால் மேசையைப் பாருங்கள். மடிக்கணினித் திரை தாழ்ந்திருந்தால் நாள் முழுக்கத் தலை குனிந்தே இருக்கும், எத்தனை இடைவேளை எடுத்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. நான்கு பழைய பேரேடுகளின் மேல் வைத்துத் திரையின் மேல்விளிம்பைக் கண் மட்டத்துக்கு உயர்த்தி, தனி விசைப்பலகை ஒன்று வாங்குங்கள். கட்டு முடிவதற்குள் ஒரே வரியை இரண்டு முறை படிக்கிறீர்கள், முகம் திரையை நோக்கிப் போகிறது என்றால் கட்டு பெரிதாக இருக்கிறது. பன்னிரண்டு பில்லாகக் குறையுங்கள்.

மேசையில் தீராதவை

வலி தோளைத் தாண்டிக் கையில் இறங்கி விரல் மரத்துப்போனால், பேனாவோ டம்ளரோ கையிலிருந்து நழுவினால், இரவில் வலி எழுப்பினால், இரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசையாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அன்றே பாருங்கள், ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அந்தக் காலைத் தேய்த்துவிடாதீர்கள். முதுகு வலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலும், நடக்கும்போது மார்பு அழுத்தி இடது தோளுக்கோ தாடைக்கோ வலி பரவினாலும் நேராக மருத்துவமனை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாற்காலியிலிருந்து சட்டென்று எழாமல், காலைப் பத்து முறை அசைத்துவிட்டு மேசையைப் பிடித்து எழுந்து, கண் இருட்டவில்லை என்று பார்த்துக்கொண்டு நடையைத் தொடங்குங்கள்.